ஆங்கிள் ஜிக்: ஒவ்வொரு சட்டமும் ஒரே அளவில் வர

கேள்வி: 25 மி.மீ. சதுரக் குழாயில் 600 × 400 மி.மீ. சட்டங்கள் நாற்பது செய்ய வேண்டும். மூலைமட்டம் பிடித்துத்தான் டாக் வைக்கிறேன், ஆனாலும் ஒன்றுக்கொன்று 2, 3 மி.மீ. மாறுகிறது. ஆங்கிளும் கிளாம்பும் வைத்து ஜிக் செய்வது எப்படி?

பதில்: ஜிக்கைத் தொடும் முன் துண்டுகளைப் பாருங்கள். 600 மி.மீ. துண்டுகளை அடுக்கி நிறுத்தினால் எல்லா முனைகளும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா? இல்லையென்றால் எந்த ஜிக்கும் உதவாது. வெட்டும் இயந்திரத்தில் ஒரு தடுப்பைப் பொருத்தி, ஒவ்வொரு துண்டுக்கும் டேப் பிடிப்பதை நிறுத்துங்கள். மூலைகளை 45 பாகையில் வெட்டுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

அடித்தளத்துக்கு 10 மி.மீ. தடிமனுள்ள சமதளத் தகடு போதும். சட்டத்தின் வெளிவிளிம்பை அதில் கோடாகக் கீறுங்கள். சதுரம் சரியா என்பதை மூலைமட்டத்தைவிட மூலைவிட்டம் நன்றாகச் சொல்லும்: இரண்டு மூலைவிட்டங்களும் 721 மி.மீ. வர வேண்டும். அவற்றுக்கு இடையே 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால், 400 மி.மீ. பக்கம் ஏறக்குறைய 2 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

இனி முட்டுகள். 40 × 40 × 5 ஆங்கிளில் 75 மி.மீ. நீளத் துண்டுகள் நான்கு வெட்டுங்கள். பலரும் ஆங்கிளின் உள்மூலையில் குழாயை உட்கார வைப்பார்கள். அங்கேதான் கோளாறு. ஆங்கிளின் உள்மூலை கூர்மையாக இருக்காது, வளைந்திருக்கும். குழாய் அந்த வளைவின்மேல் ஏறி நிற்கும். ஆகவே ஆங்கிளைத் திருப்பி வையுங்கள். ஒரு பக்கம் தகட்டில் படிந்து சட்டத்துக்கு வெளியே நீளட்டும், நிற்கும் பக்கத்தின் வெளிமுதுகு குழாயைத் தொடட்டும். அந்த முதுகு தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டத்தால் பார்த்துவிடுங்கள்.

அடிப்பக்க நீளக் கோட்டில் இரண்டு, இடப்பக்கக் கோட்டில் இரண்டு, ஆக நான்கே முட்டுகள். ஒவ்வொன்றும் மூலையிலிருந்து 40 மி.மீ. தள்ளியே இருக்கட்டும். இல்லாவிட்டால் வெளிமூலையில் பற்றவைக்க இடம் இருக்காது. சட்டமே முட்டோடு ஒட்டிக்கொள்ளவும் கூடும். முட்டுகளைத் தகட்டோடு கிளாம்பால் இறுக்கிய பிறகு, குழாய் தொடாத விளிம்பில் சின்னச் சின்ன டாக்காக மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே இழுப்பில் நீளமாகப் பற்றவைத்தால் முட்டு கோட்டைவிட்டு நகரும், தகடும் வளையும்.

மற்ற இரண்டு பக்கங்களிலும் முட்டு வைக்கத் தோன்றும்; வைக்காதீர்கள். பற்றவைத்த சட்டம் குளிரும்போது சுருங்கி இழுத்துக்கொள்ளும். நாலாபுறமும் அடைத்தால் அதைச் சுத்தியலால் அடித்துத்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பக்கங்களில் குழாயை முட்டுகளை நோக்கித் தள்ளும் கிளாம்புகள் மட்டும் போதும். எதிரே முட்டு இருக்கும் இடத்துக்கு நேராகத் தள்ளுங்கள்; நடுவில் தள்ளினால் குழாய் வில்லாக வளையும். பிறகு ஒவ்வொரு மூலைக்கும் பக்கத்தில் சி-கிளாம்பால் தகட்டோடு அழுத்துங்கள்.

இறுக்கியதும் மூலை இணைப்பை உற்றுப் பாருங்கள். உள்பக்கம் மூடி வெளிப்பக்கம் விரிந்திருந்தாலோ, அதற்கு நேர்மாறாக இருந்தாலோ, வெட்டிய கோணம் தவறு. கிளாம்பை முறுக்கி மூடினால், கழற்றியதும் சட்டம் பழையபடி விரிந்துகொள்ளப் பார்க்கும்.

முதலில் நான்கு மூலைகளிலும் வெளிப்பக்கம் டாக், பிறகு மேல்பக்கம் டாக். உள்மூலையைக் கடைசிக்கு விடுங்கள், அது பக்கங்களை உள்ளே இழுக்கும். முழுப் பற்றவைப்பை எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றிச் செய்து, தொடக்கூடிய சூட்டுக்கு ஆறிய பிறகே கிளாம்பைக் கழற்றுங்கள். பிறகு சட்டத்தைப் புரட்டிப் போட்டு மறுபக்கத்தை முடிக்கலாம்.

முதல் சட்டத்தைச் செய்து, கழற்றிய பிறகு அளந்து பார்க்காமல் இரண்டாவதற்குப் போகாதீர்கள். சட்டம் அரை மி.மீ. குறைந்திருந்தால் ஜிக்கில் கை வைக்க வேண்டாம். துண்டுகளை அரை மி.மீ. கூட்டி வெட்டுங்கள். மூலைவிட்டங்கள் மாறினால் மட்டும், முட்டின் டாக்கைக் கிரைண்டரால் அறுத்து நகர்த்துங்கள்.

நன்றாக வந்துகொண்டிருந்த ஜிக் பாதியில் கெட்டால், பெரும்பாலும் காரணம் முட்டின் முகத்தில் ஒட்டிய தெறிப்புப் பொட்டுத்தான். ஒவ்வொரு சட்டத்தையும் எடுத்த பிறகு நான்கு முட்டு முகங்களையும் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, விரலால் தடவிப் பாருங்கள்.