சிரட்டையில் ஒரு கொண்டைக் கிளிப்

அன்புள்ள அண்ணாச்சி,
குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு என் தொழில். மழையில் வெட்டு நின்று கையில் காசில்லை, நேரம் கிடக்கிறது. அடுத்த மாதம் கல்யாண நாள். வீட்டுக்காரிக்கு என் கையால் எதாவது செய்து கொடுக்க ஆசை. என்ன செய்யலாம்?

அன்புள்ள தம்பி,

சிரட்டையில் கொண்டைக் கிளிப் செய்யுங்கள். வளைந்த ஒரு துண்டு, இரண்டு துளை, குறுக்கே ஒரு குச்சி. கொண்டையின் வளைவுக்குச் சிரட்டையின் வளைவே பொருந்திவிடும். கடற்கரைக் கடைச் சோழிமாலையை அவர் சின்ன வயதிலிருந்தே பார்த்து அலுத்திருப்பார்.

நன்றாக விளைந்த தேங்காயின் சிரட்டையில், கண் இல்லாத பாதியை எடுங்கள். உடைத்தபோது கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்திருக்கலாம். தண்ணீர் ஊற்றி வையுங்கள், வெளியே கசிந்தால் அது அடுப்புக்குத்தான். நல்லதை நிழலில் காயவிட்டு, கண்ணாடிச் சில்லால் நாரைச் சுரண்டுங்கள். பால்வெட்டுக் கத்தியை இதற்கு எடுக்காதீர்கள், முனை போய்விடும்.

அவர் இப்போது போடும் கிளிப்பை அளந்து, முட்டை வடிவில் தாள் வெட்டிச் சிரட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். எட்டு சென்டிமீட்டர் நீளம், ஐந்து அகலம் பொதுவாகப் போதும். இங்கேதான் பலருக்கும் துண்டு பாழாகிறது: வடிவத்தை வெட்டிவிட்டுப் பிறகு துளை போடுவார்கள், ஓரம் பிளந்துவிடும். சுற்றிலும் ஓடு இருக்கும்போதே துளை போட வேண்டும். ஓரத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, அடியில் மரத்துண்டு வைத்து, முதலில் சின்ன பிட், அப்புறம் ஆறு மில்லிமீட்டர் பிட். டிரில்லை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். அதன் பிறகு ஆக்சா பிளேடால் கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து, மீதியை உப்புத்தாளால் தேய்த்துக் கொண்டுவாருங்கள்.

உங்கள் நேரமெல்லாம் போகப்போவது தேய்ப்பதில்தான். 80 நம்பர் தாளில் தொடங்கி 150, 320, 600 என்று போங்கள். மொத்தச் செலவே தாளுக்கும் பிளேடுக்கும்தான், நூறு ரூபாய்க்குள் முடியும். அடுத்த நம்பருக்கு மாறும் முன் துண்டை நனைத்துத் துடைத்து, காயும்போது வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைக் கீற்று தெரிந்தால் முந்தைய தாளின் கோடு இன்னும் போகவில்லை. அதை விட்டுவிட்டு எத்தனை நயமான தாளால் தேய்த்தாலும், எண்ணெய் பூசியதும் அந்தக் கோடுதான் முதலில் கண்ணில் படும். ஒவ்வொரு தாளிலும் தேய்க்கும் திசையை மாற்றினால் பழைய கோடு எளிதில் தெரியும். துளையின் உள்விளிம்பையும் மறக்க வேண்டாம், முடி சிக்கி இழுப்பது அங்கேதான். தூள் மிக நைசாகப் பறக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளித்திண்ணையில் உட்காருங்கள்.

கடைசியில் தேங்காய் எண்ணெயை மெல்லப் பூசி, ஒரு ராத்திரி விட்டுத் துடைத்துவிடுங்கள், கறுப்பு மினுமினுக்கும். வார்னிஷ் வேண்டாம். தலையெண்ணெயும் வியர்வையும் பட்டு உரிந்துவிடும்.

குச்சிக்கு முற்றிய மூங்கில், பன்னிரண்டு சென்டிமீட்டர். ஒரு முனை கொஞ்சம் தடித்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் நழுவி விழுந்துவிடும். மறுமுனையைக் கூராக்காமல் உருட்டிவிடுங்கள். குச்சி ஒரு துளைக்குள் போய், கொண்டைக்கு அடியில் நுழைந்து, மறு துளை வழியாக வெளியே வர வேண்டும். தளர்வாக இருந்தால் சிரட்டையைக் குறை சொல்லாமல், சற்றுத் தடித்த குச்சியாக இன்னொன்று செதுக்கிப் பாருங்கள்.