பழைய பத்திரத்தில் படிக்க முடியாத இடங்களை எப்படிப் பதிவது? கேள்வி–பதில்

கோர்ட்டில் தாக்கல் செய்யவோ வங்கியில் கொடுக்கவோ பழைய கிரயப் பத்திரங்களைத் தட்டச்சுப் பிரதி எடுப்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. மாதிரிக்கு 1958-ல் கையால் எழுதிப் பதிவான ஒரு கிரயப் பத்திரத்தை எடுத்துக்கொள்கிறோம்.

வட்ட முத்திரையில் பாதிதான் விழுந்திருக்கிறது. ‘சப்-ரிஜிஸ்திரார், திருவ’ வரை தெரிகிறது. ஊர்ப் பெயரை நிரப்பலாமா?

நிரப்பக் கூடாது. திருவள்ளூர், திருவண்ணாமலை, திருவல்லிக்கேணி என்று பல ஊர்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. தெரிந்ததை மட்டும் எழுதி, மீதியைச் சதுர அடைப்புக்குள் சொல்லுங்கள்:

[வட்ட ரப்பர் முத்திரை, ஊதா நிறம், முதல் தாள் இடது மேல் மூலை: “சப்-ரிஜிஸ்திரார், திருவ…” – மீதி பதியவில்லை]

வடிவம், நிறம், இடம், வாசகம் என்ற நான்கும் இருந்தால் போதும். சதுர அடைப்புக்குக் காரணம் உண்டு. பத்திரத்திலேயே வளைவு அடைப்பு வரும். உங்கள் குறிப்பு அதோடு கலந்துவிடக் கூடாது. முத்திரையில் ‘சென்னை ராஜ்யம்’ என்று இருந்தால் அப்படியே விடுங்கள். தமிழ்நாடு என்ற பெயர் மாற்றம் 1969-ல்தான் நடைமுறைக்கு வந்தது. 1958 பத்திரத்தின் பிரதியில் அந்தப் பெயர் முத்திரை வாசகமாக நின்றால், பார்க்கிறவருக்கு மூலத்தின் மீதே சந்தேகம் வரும்.

பின்பக்க மேலெழுத்தில் பாதி மங்கிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

அந்த மேலெழுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அதை வரையறுத்திருக்கிறது. தாக்கல் செய்த நாள், நேரம், இடம் 52-வது பிரிவின்படி வரும். எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொண்டவரின் கையொப்பம் அல்லது ரேகை, விசாரிக்கப்பட்டவர்களின் கையொப்பம் ஆகியவை 58-வது பிரிவின்படி. பதிவுச் சான்று 60-வது பிரிவின்படி. அதில் புத்தகத்தின் எண்ணும் பக்கமும் இருக்கும். அசையாச் சொத்துப் பத்திரம் என்பதால் அது 1-ம் புத்தகம். இந்தச் சட்டகம் தெரிந்தால், மங்கிய வரி எதைப் பற்றியது என்பது பிடிபடும். ஆனால் எதைப் பற்றியது என்று தெரிவதும், என்ன எழுதியிருக்கிறது என்று தெரிவதும் வேறு வேறு. நம் பத்திரத்தில் தொடக்க நேரம் அழிந்திருக்கிறது. அலுவலக நேரத்தை வைத்து ‘பகல் 11 மணிக்கும் 12 மணிக்கும்’ என்று ஊகித்து எழுதாமல், ‘பகல் [படிக்க இயலவில்லை] மணிக்கும் 12 மணிக்கும்’ என்றே விடவேண்டும்.

அடுத்து ஆவண எண். பின்பக்கச் சான்றில் ‘4’, பிறகு மடிப்பில் தேய்ந்த ஓர் இலக்கம், பிறகு ‘2’. இதே எண் ஒவ்வொரு தாளிலும் ‘1958-ம் வருஷத்திய இத்தனாம் நிர். ஆவணம், மொத்தம் 6 தாள்கள், 2-வது தாள்’ என்ற மாதிரியில் எழுதப்பட்டிருக்கும். 2-வது தாளில் 412 என்று தெளிவாக இருக்கிறது. எனவே 4[1]2 என்று எழுதி அடிக்குறிப்பு போடுங்கள்: ‘நடு இலக்கம் மடிப்பில் தேய்ந்துள்ளது, 2-வது தாளின் குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டது.’ அதே ஆவணத்துக்குள் இருக்கும் ஆதாரம் என்பதால் இது ஊகமாகாது.

சொத்து விவரத்தில் வரும் சர்வே எண்தான் கடினம். அது 112/1 ஆகவும் இருக்கலாம், 112/7 ஆகவும் இருக்கலாம். பத்திரத்தில் வேறெங்கும் திரும்ப வரவில்லை. இங்கே எழுதிய கையைப் பாருங்கள். வாசகத்தை எழுதியவர் பத்திர எழுத்தர். மேலெழுத்தை எழுதியது பதிவு அலுவலகத்தில் இருந்தவர். ஒருவருடைய 7-ஐ மற்றவருடைய 7-உடன் ஒப்பிட்டால் பயனில்லை. அதே எழுத்தர் தேதியிலும் கிரயத் தொகையிலும் எழுதிய 1, 7 இரண்டையும் வெட்டியெடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவருடைய 7 எல்லாவற்றுக்கும் மேலே கோடு இருந்து, இதில் மட்டும் இல்லையென்றால், [112/1?] என்று கேள்விக்குறியோடு எழுதலாம். அப்படியும் பிரியாவிட்டால் [112/1 அல்லது 112/7] என்று இரண்டையும் விடுங்கள்.

ஆவண எண், வருடம், அலுவலகம் மூன்றும் கையில் இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் 1-ம் புத்தகத்திலிருந்து சான்றிட்ட நகல் கேட்டு வாங்க முடியும். அதில் 112/1 என்று இருந்தாலும் உங்கள் பிரதியின் வாசகத்தைத் திருத்தாதீர்கள். ‘சான்றிட்ட நகலில் 112/1’ என்று அடிக்குறிப்பில் மட்டும் சேருங்கள். புத்தகத்தில் இருப்பதும் அன்று ஒருவர் பார்த்துக் கையால் எழுதிய நகல்தான். அவரும் தவறிப் படித்திருக்கலாம். இரண்டுக்கும் முரண் இருந்தால் தீர்மானிக்க வேண்டியது கோர்ட். தட்டச்சு செய்பவர் அல்ல.

கையொப்பத்தின் மேலேயே சிவப்பு முத்திரை குத்தியிருக்கிறார்கள். பிரித்துப் படிக்க வழி உண்டா?

பல சமயம் உண்டு. கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்யாமல், வண்ணத்தில் 600 டிபிஐ-யில் எடுங்கள். பிறகு சிவப்பு அலைவரிசையை மட்டும் தனியாகப் பாருங்கள். அதில் சிவப்பு மை வெளிறிப்போகும், கறுப்பு அல்லது நீல-கறுப்பு மை கருமையாக நிற்கும். முத்திரையைப் படிக்க வேண்டுமானால் பச்சை அலைவரிசையில் பாருங்கள். இமேஜ்மேஜிக் நிறுவியிருந்தால் இவ்வளவுதான்:

```
magick scan.png -channel R -separate ink.png
magick scan.png -channel G -separate seal.png
```

முத்திரையும் கையெழுத்தும் ஒரே நிற மையாக இருந்தால் இது உதவாது. கையொப்பம் புரியவில்லையென்றால், கிறுக்கலைப் பார்த்துப் பெயரை ஊகிக்காமல் [கையொப்பம் – படிக்க இயலவில்லை] என்று எழுதுங்கள். கீழே பெயர் முத்திரை இருந்தால் அதைத் தனி வரியில் தாருங்கள். மையில்லாத புடைப்பு முத்திரைக்கு, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் நிழலில் எழுத்து தெரியும். அதன் மேல் பென்சிலைத் தேய்த்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது மூலத்தைக் கெடுப்பது.

ஓரத்தில் சுருக்கொப்பத்தோடு ஒரு சொல் இருக்கிறது. அதை வரிக்குள் சேர்த்துவிடலாமா?

சேர்த்துவிட்டால் திருத்தம் நடந்த தடயமே போய்விடும். பதிவுச் சட்டம் 20-வது பிரிவின்படி அடித்தல், இடைச்செருகல், திருத்தம் எல்லாவற்றுக்கும் எழுதிக்கொடுப்பவர் பக்கத்தில் கையொப்பமோ சுருக்கொப்பமோ இடவேண்டும். இல்லையென்றால் சார்பதிவாளர் பத்திரத்தை ஏற்க மறுக்கலாம். எனவே சுருக்கொப்பம் இருக்கிறதா இல்லையா என்பதே ஒரு தகவல். [2-ம் தாள், 5-ம் வரி: ‘கிழக்கு’ அடிக்கப்பட்டு மேலே ‘மேற்கு’, ஓரத்தில் சுருக்கொப்பம்] என்று எழுதுங்கள். பத்திரத்தின் கடைசியில் அடித்தல் திருத்தல்களைப் பட்டியலிட்ட வரி இருந்தால் இதோடு ஒப்பிடுங்கள். அதில் இல்லாத திருத்தம் தென்பட்டால் கருத்துச் சொல்ல வேண்டாம். இருப்பதை எழுதினால் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

முத்திரைத்தாளின் நீர்க்குறியைக் குறிப்பிட வேண்டுமா?

மூலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருந்தால் கண்டதை எழுதுங்கள். சாதாரண ஸ்கேனில் நீர்க்குறி பெரும்பாலும் விழாது. அதனால் ஸ்கேனை மட்டும் பார்த்தவர் ‘நீர்க்குறி இல்லை’ என்று எழுதுவது பொய்யாகிவிடும். ‘ஸ்கேனில் தெரியவில்லை, மூலம் பார்க்கப்படவில்லை’ என்பதே சரி.

இத்தனை ‘படிக்க இயலவில்லை’ இருந்தால் பிரதியைத் திருப்பி அனுப்ப மாட்டார்களா?

காரணமும் அளவும் சொல்லாமல் விட்டால் அனுப்பலாம். [படிக்க இயலவில்லை: சுமார் 2 சொல், மை கரைந்துள்ளது], [கிழிந்துள்ளது: 1 வரி] என்று எழுதினால், மூலத்தை எடுத்து வைத்துச் சரிபார்ப்பவர் அதே இடத்தில் அதே சேதத்தைக் காண்பார். சான்றுரையிலும் எதைப் பார்த்துப் பிரதி எடுத்தீர்கள், மூலமா, ஜெராக்ஸா, ஸ்கேனா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.