ஏகாதசி உபவாசம்: கல்லீரலின் இருப்பு எத்தனை மணி நேரம் தாங்கும்?

சரவணன்: ஏகாதசி அன்று தண்ணீர் மட்டும்தான். அந்த ஒரு நாளில் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

தசமி இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டு, துவாதசி காலை ஆறு மணிக்குப் பாரணை செய்தால் கணக்கு 34 மணி நேரம். "ஒரு நாள்" என்று சொல்லும்போது இது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

தசமி நள்ளிரவு வரை சாப்பாட்டில் வந்த சர்க்கரை ஓடும். பிறகு இரத்தத்தில் இன்சுலின் இறங்கும். அது இறங்கினால்தான் கல்லீரல் தன் சர்க்கரைச் சேமிப்பைத் தாராளமாகத் திறக்கும். அங்கே இருப்பது சுமார் 80 முதல் 100 கிராம். மூளை மட்டுமே நாளுக்கு 120 கிராம் அளவுக்குக் கேட்கும். தசைகளில் இதைவிடப் பல மடங்கு இருந்தாலும் அதை இரத்தத்துக்குக் கொடுக்கத் தசைக்கு வழியில்லை. அக்கம்பக்கத்துக்கு ஒரு மரக்கால்கூட அளக்காத குதிர் அது. எனவே கல்லீரல் தசைப் புரதத்திலிருந்தும் கொழுப்பின் ஒரு பகுதியிலிருந்தும் புதிதாகச் சர்க்கரை செய்யத் தொடங்குகிறது. ஏகாதசி இரவுக்குள் சேமிப்பு கிட்டத்தட்டக் காலி. அதன்பின் இந்தப் புதுச் சர்க்கரையும் கொழுப்பும்தான் உடம்பை நடத்துகின்றன. நல்ல உடல்நிலையில் இருப்பவரின் சர்க்கரை அப்போதும் பெரிதாகச் சரியாது.

ப்ரியா: 16 மணி நேரத்தில் செல்கள் தங்களைத் தாங்களே சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடும், அதற்கு நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள் என்கிறார்களே?

பாதி சரி. 2016-இல் யோஷினோரி ஓசுமிக்குப் பரிசு கிடைத்தது உண்மை. ஆனால் அந்த வேலை ஈஸ்ட் செல்களில் நடந்தது. பட்டினியில் இந்தச் சுத்திகரிப்பு கூடும் என்பது விலங்குகளிலும் தெரிந்ததுதான். மனிதரில் எந்த உறுப்பில், எத்தனையாவது மணியில் என்பது இன்னும் முடிவாகவில்லை. 16 என்ற எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கோமதி: அம்மாவுக்கு 62 வயது. கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். போன ஏகாதசிக்கு மதியம் வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறியது. மயக்கம் என்று படுக்க வைத்தோம். ஏன் அப்படி?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் மாத்திரை கிளிமிபிரைடு. காலையில் போட்டால் ஏறக்குறைய மறுநாள் காலை வரை வேலை செய்யும். இன்சுலின் இறங்கினால்தான் கல்லீரல் திறக்கும் என்றேன் அல்லவா? மாத்திரை அதை இறங்க விடவில்லை. உள்ளே இருப்பு இருந்தும் வெளியே வரவில்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் சர்க்கரை தாழ்ந்ததற்கு அப்படியே பொருந்துகின்றன.

இனி அப்படி நேர்ந்தால் படுக்க வைத்துவிட்டு இருக்காதீர்கள், உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் விரதம் அங்கேயே முடிந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியபின் சாப்பாடும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் மாத்திரை இன்னும் உள்ளே இருக்கிறது. மாலையில் திரும்பவும் இறங்கலாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அட்டினோலால் போன்ற இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

கோமதி: அப்படியானால் அன்றைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டால் போதும்தானே?

நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. மெட்ஃபார்மின் தனியாக இப்படி இறக்குவது அரிது, கிளிமிபிரைடு இறக்கும். எதை எவ்வளவு மாற்றுவது என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவர் விரதத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆபத்து வேறு திசையில் வரும்: கருவியில் சர்க்கரை அதிகம் ஏறாமலே இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் காத்திருக்கக் கூடாது. குழந்தைப் பருவத்திலிருந்து இன்சுலின் போடுபவர்கள் இந்த 34 மணி நேர விரதத்தில் இறங்கவே வேண்டாம்.

நித்யா: எனக்கு ஏழாம் மாதம். வருடாவருடம் வைகுண்ட ஏகாதசி இருப்பேன், இந்த முறையும் இருக்கலாமா?

வேண்டாம். குழந்தை சர்க்கரையை இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருப்பதால் மற்றவர்களைவிட உங்களுக்குச் சீக்கிரமே தாழும். பாலூட்டுபவர், வளரும் பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர், முன்பு சாப்பாட்டையே வெறுத்து மெலிந்தவர் ஆகியோருக்கும் இதே பதில்தான்.

ராமன்: எங்கள் வீட்டில் அரிசி மட்டும்தான் கூடாது, பலகாரம் உண்டு. ஜவ்வரிசி உப்புமா சாப்பிட்டால் கல்லீரல் எப்போது காலியாகும்?

காலியாகாது. ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. ஒரு தட்டு சாப்பிட்டதும் இன்சுலின் ஏறி, கல்லீரல் மறுபடி நிரப்பத் தொடங்கிவிடும். மேலே சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் அந்தத் தட்டுக்குப் பிறகு அவருக்குக் கவலை தாழ்வது அல்ல, ஏறுவது. 300-ஐத் தாண்டினால் அதுவும் விரதத்தை முடித்துக்கொள்ள வேண்டிய எண்தான்.