நாற்காலிக் கால் ஆட்டத்துக்கு எந்தப் பசை?

கேள்வி: டர்பனில் இருக்கிறோம். சாப்பாட்டு மேசை நாற்காலியின் குறுக்குச் சட்டம் காலிலிருந்து கழன்று ஆடுகிறது. மரப்பசையா, எப்பாக்சியா, கான்டாக்ட் சிமென்டா?

முனை துளைக்குள் இறுக்கமாகப் பொருந்துமானால் மரப்பசையே ஏற்றது. இந்த வெள்ளைப் பசை மர இழைகளுக்குள் ஊறி, நீர் வற்றும்போது இறுகுகிறது; ஆகவே பரப்புகள் நெருங்கியிருந்தால்தான் அது வலுப்பெறும். எப்பாக்சி இரு பாகங்களைக் கலந்தவுடன் வேதிவினையால் இறுகுவதால் இடைவெளியையும் நிரப்பும். கான்டாக்ட் சிமென்ட் ரப்பர் போன்றது. மேசைப் பலகையில் தகடு ஒட்ட உதவும், ஆனால் தொடர்ந்து பாரம் விழும் மூட்டில் மெல்ல நழுவிவிடும்.

முதலில் சட்டத்தை முழுதும் கழற்றி, முனையிலும் துளையிலும் உள்ள பழைய பசையை, மரம் தேயாதபடி, வெறும் மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். எண்ணெய்க் கையில் மருதாணி பிடிக்காததுபோல, பழைய பசையின்மேல் புதியது ஊறாது. பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். தளர்ந்து ஆடினால் எப்பாக்சிக்கு மாறுங்கள். இறுக்கமாக இருந்தால் இரு பக்கமும் மரப்பசை பூசிச் செருகி, கால்களைச் சுற்றிக் கயிறு கட்டி, குச்சியால் முறுக்கி இறுக்குங்கள். விளிம்பில் சிறிது பசை பிதுங்கினால் அளவு சரி. 24 மணி நேரம் யாரும் உட்கார வேண்டாம். டர்பனின் ஈரக்காற்றில் இன்னும் சற்றுப் பொறுப்பது நல்லது.

கழற்றாமலே மூட்டில் பசையை ஊற்றி ஆணி அடித்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். பசை உள்ளே சேராது, ஆணியோ மரத்தைப் பிளக்கக்கூடும்.