முட்டி வலிக்கிறதா? புல்லட்டிலிருந்து ஸ்கூட்டருக்கு மாறும் முன்

"வயது 66. முப்பது வருஷமாக புல்லட். இரண்டு முட்டியும் மடக்கினால் வலிக்கிறது, இடது பக்கம் ரொம்ப. திடீரென்று யாராவது குறுக்கே வந்தால் முன்னைப்போல் பிரேக் பிடிக்க வரவில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டர் போதுமா? பக்கத்தில் சக்கரம் மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாமா?" — கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்

ஐயா, ஸ்கூட்டர் போதும். புல்லட் குடும்பத்தில் இன்றைய கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. 110 சிசி ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110 கிலோவுக்குள்தான் வரும். காலைத் தூக்கிப்போட்டு ஏற வேண்டியதில்லை, கிக்கர் உதைக்க வேண்டியதில்லை. ஆனால் எடை அட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். ஷோரூமில் வண்டி எப்போதும் நடு ஸ்டாண்டில் நிற்கும். அதில் ஏறி உட்கார்ந்தால் எந்த வண்டியும் பஞ்சு மாதிரிதான் இருக்கும்.

ஸ்டாண்டை எடுக்கச் சொல்லுங்கள். தினமும் போடும் செருப்போடு உட்காருங்கள். நுனிவிரல் அல்ல, பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும். சீட் அகலமாக இருந்தால் உயரம் குறைவான வண்டியிலும் கால் எட்டாது. பிறகு வண்டியை இடது பக்கம் ஒரு சாண் சாய்த்து, அந்தக் காலாலேயே நிமிர்த்துங்கள். முட்டி சுருக்கென்றால் அந்த வண்டி வேண்டாம். கடைசியாகப் பத்து நிமிஷம் ஃபுட்போர்டில் கால் வைத்தபடி உட்கார்ந்திருங்கள். முட்டி ரொம்ப மடங்குகிற வண்டியில் ஓட்டும்போது வலி தெரியாது, இறங்கும்போது கால் நீளாது. வீட்டில் நடு ஸ்டாண்டை மறந்துவிட்டு சைடு ஸ்டாண்டே போடுங்கள். அது போட்டிருந்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாத மாடலாகக் கேட்டு வாங்குங்கள்.

உங்களுக்கு உண்மையான ஆபத்து பழக்கத்தில் இருக்கிறது. முப்பது வருஷமாக இடது கையில் கிளட்ச், காலில் பிரேக். ஸ்கூட்டரில் கிளட்ச் இருந்த இடத்தில் பிரேக். ஆடு குறுக்கே ஓடினால் கால் வெறும் பலகையை மிதிக்கும். அல்லது கிளட்ச் என்று நினைத்து இடது கை முழுசாக இழுக்கும், வண்டி சடாரென்று நிற்கும். காலியான மைதானத்தில் பத்து நாள், தினமும் அரைமணி நேரம், 20 கி.மீ. வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாக அழுத்தி நிறுத்திப் பழகுங்கள். வண்டியைத் தள்ளும்போது இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் பிடித்துத் தள்ளுகிற கையே ஆக்சிலேட்டரை முறுக்கிவிடும்.

கை பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்தால், 40-ல் போகும்போது அதற்குள் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடியிருக்கும், 30-ல் 12.5 மீட்டர்தான். ஊருக்குள் 30 போதும். நிற்கும்போது தார்ச்சாலை ஓரத்துக்குப் போகாதீர்கள். ரோடு இடப்பக்கம் சரிந்திருக்கும், வலிக்கிற உங்கள் இடது கால் பள்ளத்தைத் தேடும். கொஞ்சம் உள்ளே தள்ளி நின்று வலது காலை ஊன்றுங்கள்.

பக்கச் சக்கரம் உங்களுக்கு வேண்டாம். அதை இறுக்கமாகப் பொருத்திவிட்டால் மேடுபள்ளத்தில் பக்கச் சக்கரங்கள் இரண்டும் தரையில் நிற்க, பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். இழுவையும் போகும், பின் பிரேக்கும் போகும். வளைவில் வண்டி சாயாது, வெளிப்பக்கமாகக் கவிழப் பார்க்கும். நின்றாலே சமநிலை தவறுகிறவர்களுக்கு, ஒரு காலில் பலமே இல்லாதவர்களுக்கு அது தேவைதான். அவர்களும் ஆர்.டி.ஓ. அனுமதியோடு ஆர்.சி.யில் பதிந்துதான் மாட்ட வேண்டும். மெக்கானிக் மாட்டிக் கொடுத்துவிட்டு "ஒண்ணும் ஆகாது சார்" என்பார். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் அந்த மாற்றத்தைக் காட்டியே பணம் தரத் தகராறு செய்வார். முட்டி மடங்கவில்லை என்பதற்காக மாட்டுவதில் அர்த்தமில்லை.

எக்ஸ்சேஞ்சில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "29, 30-ல ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்று பெயர் மாற்றத்துக்கான வெற்றுப் படிவங்களை நீட்டுவார்கள். அவை வண்டியோடு புரோக்கர் கைக்குப் போகும். அவர் வாங்குகிற ஆள் கிடைக்கும்வரை பெயரே மாற்றமாட்டார். அதற்குள் அந்த புல்லட் யாரையாவது இடித்தால் நோட்டீஸ் கும்பகோணத்துக்குத்தான் வரும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம் நாட்டில் வண்டி வாங்குவதைவிட, விற்றுவிட்டேன் என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. வாங்குபவர் பெயரும் முகவரியும் தேதியும் நிரம்பாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டியை ஒப்படைத்த நாளும் நேரமும் எழுதி, அவர் கையெழுத்திட்ட ரசீதும் அடையாள அட்டை நகலும் வாங்கி வையுங்கள். ஒரு மாதம் கழித்து parivahan.gov.in தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயரில் சில எழுத்துகளை மறைத்துத்தான் காட்டும். இருந்தாலும் அது உங்கள் பெயரா இல்லையா என்று தெரிந்துவிடும். இன்னும் உங்கள் பெயரே இருந்தால், அந்த ரசீதோடு நேராக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள்.