டெரிவேட்டிவ் உச்சியை எந்த அளவுக்கு நேரே வைப்பது?

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறை லேப்பில் இருக்கேங்க. 20 மி.லி. நீர்த்த அசிட்டிக் ஆசிட்டை 0.1 மோலார் காஸ்டிக்கால் டைட்ரேட் செய்து, pH ஏறும் சரிவை எக்செல்லில் வரைந்தால் உச்சி 20.0 மி.லி.யில் வருது, அங்கே pH 10.40. சமான புள்ளி 7-ல் வர வேண்டாமா?

பதில்: வலுக்குறைந்த அமிலத்துக்கு 7-ல் வராதுங்க. அந்த இடத்தில் கரைசலில் இருப்பது சோடியம் அசிடேட், அது லேசான காரம். அதனால் pH 8.7 வாக்கில் இருக்கும். 10.40 என்றால் காஸ்டிக் ஏற்கெனவே மிஞ்சிவிட்டது.

உங்கள் ரீடிங் இப்படி இருந்திருக்கும்: 19.6-ல் 6.57, 19.8-ல் 7.06, 20.0-ல் 10.40, 20.2-ல் 10.87. அடுத்தடுத்த pH வித்தியாசத்தை 0.2 மி.லி.யால் வகுத்தால் 2.45, 16.7, 2.35. நடுவிலுள்ள 16.7 என்பது 19.8-க்கும் 20.0-க்கும் இடைப்பட்ட சரிவு. எக்செல்லில் அதை இரண்டில் பிந்தைய அளவான 20.0-க்கு நேரே போட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவே, 19.9-ல் போட வேண்டும். அப்போது அமிலத்தின் செறிவு 0.100 அல்ல, 0.0995 மோலார்.

சரிபார்க்க, பாதி அளவான 9.95 மி.லி.யில் pH பாருங்கள். 4.76-ஐ ஒட்டி வரணும். அது விலகினால் முதலில் மீட்டரை பஃபரில் காலிபரேட் செய்யுங்கள்.

தொடக்கத்தில், முதல் சில துளிகளில், சரிவு வரைபடத்தில் ஒரு சின்ன மேடு தெரியும். வலுக்குறைந்த அமிலத்தின் இயல்பு அது, கண்டுகொள்ள வேண்டாம். உச்சிக்கருகே மட்டும் 0.1 மி.லி.யாக விட்டு, எண் நின்ற பிறகே எழுதுங்கள். அவசரப்பட்டால் உச்சி தள்ளிப்போகும்.