அலுமாரி மூலையில் படிந்த கறுப்புத் தடம்

கேள்வி: எங்கள் கடுவன் பூனைக்கு இரண்டரை வயது. கருத்தடை செய்தாயிற்று. காலையில் எழுந்ததும் கதவு நிலை, மேசைக் கால் என்று ஒவ்வொன்றிலும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே வரும். அந்த இடங்களில் எண்ணெய்ப் பசையாகக் கறுப்புப் படிகிறது. பொங்கலுக்குப் புது அலுமாரி வாங்கியதிலிருந்து எல்லா மூலைகளையும் தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறேன். மூன்று வாரமாக அந்த அலுமாரியிலேயே நின்றபடி சிறுநீர் பீய்ச்சுகிறது. கொழும்பில் வேலை செய்யும் என் கணவர் வெள்ளி இரவு வந்தால் அவர் காலைச் சுற்றிச் சுற்றி விலாவை உரசுகிறது. "பால் கேட்கிறது" என்கிறார் மாமி. சொறியாக இருக்குமோ என்று எனக்குப் பயம். அடிக்க மனம் வரவில்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகி, தலவாக்கலை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பினாயில் போத்தலை மூடி எடுத்து வைத்துவிடுங்கள். பினாயில் வகைகள் பலவற்றில் இருக்கும் பீனால் சேர்மங்களை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. துடைத்த தரையில் நடந்த பாதத்தை நக்கினாலே போதும், அது உடம்புக்குள் போய்விடும். அடிக்க மனம் வராமல் போனது நல்லதாயிற்று. பயந்த பூனை இன்னும் அதிகமாகப் பீய்ச்சும்.

நீங்கள் துடைத்தது அழுக்கை அல்ல. பூனையின் வாய் ஓரத்திலும், கன்னத்திலும், தாடையின் அடியிலும், கண்ணுக்கும் காதுக்கும் இடையே முடி மெலிந்திருக்கும் இடத்திலும் சிறுசிறு மணச் சுரப்பிகள் இருக்கின்றன. வாலின் அடியிலும் ஒரு கூட்டம் உண்டு. கன்னத்தைத் தேய்க்கும்போது அவற்றின் கசிவு மூலையில் ஒட்டிக்கொள்கிறது. அதில் கொழுப்பு இருப்பதால் தூசியும் முடியும் சேர்ந்து, நாளடைவில் கறுப்பாகிவிடுகிறது. அடுத்த முறை தேய்க்கும்போது கிட்டப்போய்ப் பாருங்கள். முதலில் மூலையை முகரும். பிறகு வாய் ஓரத்தில் தொடங்கிக் காது வரை ஒரே இழுப்பாக இழுக்கும். மேசைக் கால் விளிம்பு, கதவு நிலை, அலுமாரி மூலை ஆகியவை அதன் தலை உயரத்தில் துருத்திக்கொண்டு நிற்பதால்தான் அங்கே போகிறது. பொருள் தாழ்வாக இருந்தால் தாடையையும், உயரமாக இருந்தால் நெற்றியையும் தேய்க்கும்.

இந்தக் கசிவை 1990களில் ஆராய்ந்த பிரெஞ்சு மிருக வைத்தியர் பத்ரிக் பஜா, அதில் ஐந்து கலவைகளைப் பிரித்துக் காட்டினார். அவற்றில் இரண்டு உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகின்றன. மூன்றாவது கலவை, பூனை பொருள்களின் மேல் தடவுவது. நான்காவது, தனக்குப் பழக்கமான மற்றப் பூனைகள் மீதும் மனிதர்கள் மீதும் தடவுவது. ஆகவே அலுமாரியில் உரசுவதும் உங்கள் கணவரின் காலில் உரசுவதும் பார்வைக்கு ஒரே செயல்போலத் தோன்றினாலும் பூனைக்கு அவை இரண்டு வேலைகள்.

அலுமாரியை எடுத்துக்கொள்வோம். பூனைக்கு உங்கள் காம்பராவின் வரைபடம் கண்ணில் மட்டும் இல்லை, மூக்கிலும் இருக்கிறது. நடக்கும் வழியெல்லாம் தன் கன்ன மணம் இருந்தால், "இங்கே நான் ஏற்கனவே வந்து போயிருக்கிறேன், ஆபத்து இல்லை" என்று அதற்குத் தெரியும். அந்த மணம் நாளாக ஆக மங்கும். அதனால்தான் தினமும் காலையில் சுற்றிவந்து புதுப்பிக்கிறது.

இனி உங்கள் வீட்டில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். புது வார்னிஷ் நெடியுடன், ஆள் உயரத்தில், அறிமுகமே இல்லாத ஒரு பொருள் பொங்கலுக்கு வந்து நின்றது. பூனை அதில் கன்னத்தைத் தேய்த்துப் பழகப் பார்த்தது. தேய்த்த மணம் மறுநாள் காலையில் இல்லை. அலுமாரியில் மட்டுமல்ல, பழைய கதவு நிலையிலும் மேசைக் காலிலும் இல்லை, ஏனென்றால் எல்லா மூலைகளையும் துடைத்தீர்கள். இருந்த இடத்திலெல்லாம் கண் எரியும் நெடி. தன் வீட்டிலேயே வேற்றிடத்தில் நிற்பதுபோல் ஆன பூனை, கன்னத்தைவிட உரத்துப் பேசும் அடையாளத்தை எடுத்தது. அதுதான் சிறுநீர். கருத்தடை செய்த கடுவன்களிலும் சில மனக்கலக்கம் வந்தால் இப்படிச் செய்யும். கன்னத் தடம் இருக்கும் இடத்தில் பூனை பீய்ச்சுவது குறைவு. நீங்கள் துடைத்து எடுத்த அந்தக் கறுப்புத் தடம்தான் இவ்வளவு காலமும் உங்கள் வீட்டைச் சிறுநீரிலிருந்து காப்பாற்றி வந்தது.

சரிசெய்ய வழி இருக்கிறது. சிறுநீர் பட்ட இடத்தை நொதி கலந்த சலவைத்தூளால் கழுவுங்கள். ஒரு பங்கு தூளுக்கு ஒன்பது பங்கு வெதுவெதுப்பான நீர் போதும். பிறகு வெறும் பச்சைத் தண்ணீரால் நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். மருந்துக்கடையில் வாங்கும் ஸ்பிரிட்டைக் கடைசியாக இலேசாகத் தடவினால் மிச்ச நெடியும் போகும். ஆனால் ஸ்பிரிட் சிலவகை மெருகை உரித்துவிடும் என்பதால் அலுமாரியின் பின்பக்கத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகே முன்பக்கத்தில் தொடுங்கள். அமோனியா கலந்த எதுவும் வேண்டாம். அது சிறுநீரின் நெடியை நினைவூட்டி, அதே இடத்துக்குப் பூனையைத் திரும்ப அழைத்துவரும்.

அடுத்து, சுத்தமான பருத்தித் துணித் துண்டு ஒன்றை எடுங்கள். சவர்க்கார வாசம் இல்லாமல் அலசிக் காயவைத்ததாக இருக்கட்டும். பூனை அடுப்படியில் சூடு காய்ந்து கண் செருகிக் கிடக்கும் நேரம் பார்த்து, வாய் ஓரத்திலிருந்து காது வரை இரண்டு கன்னத்திலும் அந்தத் துணியால் மெதுவாக வருடுங்கள். பிடித்து அமுக்கித் தேய்க்கக் கூடாது. பயத்தில் இருக்கும் பூனையிடமிருந்து எடுக்கும் மணம் உங்களுக்கு உதவாது. அந்தத் துணியை அலுமாரியின் இரண்டு முன் மூலைகளிலும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பூனையின் மூக்கு மட்டத்தில், தேயுங்கள். நாள்தோறும் ஒருமுறை இதைச் செய்யுங்கள். பூனை தானாகவே வந்து அந்த மூலையில் கன்னம் வைக்கும் நாள்வரை தொடர வேண்டும். சில வாரங்கள் ஆகலாம். அது தேய்க்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் நிறுத்திவிடலாம். கறுப்புப் படிவது கண்ணை உறுத்தினால் அலுமாரியின் மேல்பாதியை மட்டும் வெறும் ஈரத்துணியால் துடையுங்கள், அடிப்பாகத்து மூலைகளைப் பூனைக்கே விட்டுவிடுங்கள். இஸ்தோப்புப் பக்கம் அயல் கடுவன் ஏதும் வந்துபோகிறதா என்றும் ஒரு கண் வைத்திருங்கள். வந்தால், அது கண்ணில் படும் ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பீய்ச்சும் பூனை நின்றபடி, வாலை நிமிர்த்தி நடுக்கி, கொஞ்சமாகப் பின்னால் தெளிக்கும். அப்படியில்லாமல் குந்தி உட்கார்ந்து முக்கி, சொட்டுச் சொட்டாக வந்தாலோ, ஒன்றுமே வராமல் கத்தினாலோ அது சிறுநீர் அடைப்பாக இருக்கலாம். கடுவனுக்கு அது உயிர் போகும் நோய். காலை பெரட்டு முடியட்டும், சந்தைக்குப் போகும் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

உங்கள் கணவரின் காலுக்கு வருகிறேன். ஒன்றாக வாழும் பூனைகள் பிரிந்து மீண்டும் சந்திக்கும்போது வாலைக் கம்பம்போல் தூக்கிக்கொண்டு வந்து, முகத்தோடு முகம் உரசி, விலாவை உரசிக்கொண்டே கடந்து, சில நேரம் வாலையும் மேலே போட்டுக்கொள்ளும். குட்டி தாயிடம் இப்படித்தான் செய்யும். பெரும்பாலும் சிறியது பெரியதிடம் போய் உரசும். மனிதரின் முகம் எட்டாத உயரத்தில் இருப்பதால் பூனைக்குக் கிடைப்பது கால். சில பூனைகள் முன்கால்களைத் தூக்கி எட்டப் பார்ப்பதும் அதனால்தான். கால் எட்டாத தூரத்தில் நீங்கள் நின்றால் பக்கத்தில் இருக்கும் கதவு நிலையில் உரசிவிட்டு உங்களைப் பார்க்கும். அதுவும் உங்களுக்கான வணக்கம்தான்.

விலாவில் கன்னத்தில் உள்ளதுபோல் அடர்த்தியான சுரப்பிகள் இல்லை. அங்கே நடப்பது மணங்களின் பரிமாற்றம். தன் உரோமத்தின் மணம் அவர் காலில் ஏறுகிறது, அவர் மணம் அதன் உரோமத்தில் ஏறுகிறது. உரசி முடித்தபின் ஓரமாக உட்கார்ந்து விலாவை நக்குவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே வீட்டார் எல்லோருக்கும் பொதுவான ஒரு கலவை மணம் இருக்க வேண்டும் என்பதே பூனையின் ஏற்பாடு. ஐந்து நாள் கொழும்பில் இருந்து, பஸ்ஸில் மணிக்கணக்காக நெருங்கி நின்று வரும் மனிதரிடம் வீட்டு மணம் ஏது? அதனால்தான் உங்களிடம் இரண்டு உரசலோடு விட்டுவிடும் பூனை அவரிடம் பத்து முறை சுற்றுகிறது. மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வரும் பெண்களின் இடுப்புப் படங்கை வீட்டுப் பூனைகள் மாலையில் விடாமல் உரசுவதையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அந்த மணம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஹட்டன் பக்கத்து வீடொன்றில் கண்டேன். கூடப் பிறந்த இரண்டு பூனைகளில் ஒன்று சத்திரசிகிச்சை முடிந்து மருந்து நெடியோடு திரும்பியது. மற்றது அதைப் பார்த்துச் சீறி, முதுகை வளைத்து நின்றது. இரண்டு வருடம் ஒரே சாக்கில் படுத்துறங்கியவை அவை. தனித்தனி அறையில் வைத்து, படுக்கும் துணிகளை மாற்றி மாற்றிப் போட்டதில் நான்கு நாளில் மீண்டும் சேர்ந்தன.

மாமி சொல்வதிலும் உண்மை உண்டு. உரசினால் பால் கிடைக்கிறது என்று பூனை கற்றுக்கொள்ளும். பிரித்தறிய எளிய வழி, உரசும்போது குனிந்து கையை மட்டும் நீட்டிவிட்டுச் சும்மா இருப்பது. கையில் கன்னத்தை வைத்து, உரசி முடித்து, திருப்தியாகப் போய்விட்டால் அது வரவேற்பு. கத்திக்கொண்டே குசினிப் பக்கம் நடந்து, திரும்பித் திரும்பிப் பார்த்தால் பசி. குளிருக்காகக் காலோடு ஒட்டிப் படுப்பது வேறு, அதில் அசைவு இருக்காது.

சொறி பற்றிய உங்கள் பயத்துக்கு: இரண்டு பக்கமும் மாறி மாறி, நிதானமாக, உடனே நிறுத்தக்கூடிய விதத்தில் தேய்த்தால் நோய் இல்லை. ஒரே பக்கத்தை மட்டும் வெறியோடு தேய்த்து முடி உதிர்ந்தால், காதுக்குள் கோப்பித் தூள்போல் கறுப்பு இருந்தால், காதுப் பூச்சியாகவோ பல் வலியாகவோ இருக்கலாம். சுவரில் தலையை வைத்து அழுத்தியபடி அசையாமல் நின்றால் அது உரசல் அல்ல, மூளை சம்பந்தப்பட்ட அறிகுறி. தாமதிக்கக் கூடாது.

வரும் வெள்ளிக்கிழமை உங்கள் கணவர் வந்ததும் பயணப் பையை அந்தப் புது அலுமாரிக்குள் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பை ஒரு இரவு தரையில் கிடக்கட்டும். அவரும் குளிக்கப் போகுமுன் வாசற்படியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பூனை சுற்றி முடிக்கும்வரை காலை அசைக்காமல் வைத்திருக்கட்டும்.